பாதிக் கெல்லி: சூத்திரம் காட்டும் தொகையை வர்த்தகர்கள் ஏன் குறைத்துக்கொள்கிறார்கள்?

பங்குச் சந்தையில் எதை வாங்குவது என்று பேசுவோர் பலர். எவ்வளவு வாங்குவது என்று கணக்கிடுவோர் சிலரே. அந்தக் கணக்குக்கும் ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956-இல் அதை வெளியிட்டார்.

f = p − (1 − p) / b

இதில் p என்பது வெற்றி வாய்ப்பு. தோற்றால் ஒரு ரூபாய் போகும் இடத்தில், வென்றால் எத்தனை ரூபாய் வரும் என்பது b. மூலதனத்தில் எத்தனை பங்கை ஒரு முறைக்கு இழக்கத் துணியலாம் என்பதை f காட்டுகிறது. இது பங்கு வாங்கும் தொகையன்று. 'ஸ்டாப் லாஸ்' விலையில் விற்று வெளியேறினால் கையைவிட்டுப் போகும் தொகை. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

ஒருவர் செய்த 40 வர்த்தகங்களில் 18 வெற்றி என்று கொள்வோம். வெற்றியின் இலாபம் தோல்வியின் நட்டத்தைப்போல் இருமடங்கு. ஆகவே p = 0.45, b = 2. சூத்திரப்படி f = 0.175. ஒரு இலட்ச ரூபாய் மூலதனத்தில் 17,500 ரூபாயை இழக்கத் துணியலாம்.

p உண்மையாக இருந்தால் நீண்ட காலத்தில் மூலதனத்தை மிக விரைவாக வளர்க்கும் அளவு இதுவே. ஆனால் 40 வர்த்தகங்கள் மிகச் சிறிய சான்று. உண்மையான வெற்றி வாய்ப்பு 38 சதவீதமாக இருந்தாலும், 40-இல் 18 வெற்றி கிடைப்பது வியப்பன்று. அப்போதும் துணியும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சராசரியாக 14 காசு மிஞ்சும். எனவே வழிமுறையில் குறை இல்லை. எனினும் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 17.5 சதவீதத்தைப் பணயமாக்கி, 100 வர்த்தகங்களில் 38 வென்று 62 தோற்றால், ஒரு இலட்சம் சுமார் 59,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். 17.5 சதவீதம் இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்ப, எஞ்சியதன்மேல் 21 சதவீதத்துக்கும் கூடுதலாக ஈட்ட வேண்டும் என்பதே காரணம்.

அதே 100 வர்த்தகங்களில் பாதியளவான 8.75 சதவீதத்தை மட்டும் பணயமாக்கியிருந்தால் ஒரு இலட்சம் ஏறத்தாழ 1,57,000 ரூபாயாகியிருக்கும்.

கணிப்பு சரியாகவே அமைந்தாலும் பாதியளவால் பெரிய இழப்பில்லை. வளர்ச்சி வேகத்தில் ஏறக்குறைய கால் பங்கு மட்டுமே குறையும். முழு அளவில், மூலதனம் என்றேனும் ஒருநாள் பாதியாகச் சரியும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று. பாதியளவில் எட்டில் ஒன்று. மாறாக, உண்மையான f-ஐப் போல் இருமடங்கு துணிந்தால் வளர்ச்சியே ஏறக்குறைய நின்றுபோகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் பங்கின் விலை ஸ்டாப் லாஸ் விலைக்குக் கீழேயே தொடங்கினால், நட்டம் கணக்கிட்டதைவிடப் பெரிதாகும். ஒரே துறையைச் சேர்ந்த பல பங்குகளும் சேர்ந்தே விழக்கூடும். அவற்றைத் தனித்தனிப் பணயங்களாக எண்ணுவது பிழை. இக்காரணங்களால் பலர் பாதியையும் விட்டு, கால் பங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.