அம்மாவின் காது மிஷினுக்கு ஜெர்மன் மட்டும் தெரிந்தால்

ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கும் ஓர் ஈழத்து அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு போன் தமிழில் இருக்கிறது. புதிதாக வாங்கிய இரண்டு காது மிஷின்களுக்கான செயலியை மகன் இறக்கித் தருகிறான். திறந்தால் எல்லாம் ஜெர்மன்: Lautstärke, Stumm, Sprache im Lärm. அம்மாவுக்கு ஜெர்மன் எழுத்து ஓடாது. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பார்.

போன் தமிழில் இருக்கும்போது செயலி ஏன் ஜெர்மனுக்குப் போனது? இந்தச் செயலிகளில் பெரும்பாலும் தமிழ் கிடையாது. அப்போது செயலி போனின் மொழிப் பட்டியலில் அடுத்து நிற்கும் மொழியைப் பார்க்கும். அங்கே தமிழுக்கு அடுத்து ஜெர்மன் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். போன் அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘மொழிகள்’ என்று போய், ஆங்கிலத்தை ஜெர்மனுக்கு மேலே இழுத்து வைத்துவிட்டுச் செயலியை மூடித் திறந்தால் போதும். தமிழ் முதலிடத்திலேயே இருக்கலாம். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒரு செயலிக்கு மட்டும் தனி மொழி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் அந்த வசதிக்கு ஒத்துழைக்கும் செயலிகள்தான் அங்கே வரும்.

மொழியைச் சரிசெய்த பிறகே மிஷினை இணைப்பது நல்லது. சார்ஜரில் இருந்து எடுத்தவுடன், அல்லது பேட்டரிக் கதவைத் திறந்து மூடியவுடன், மிஷின் சில நிமிடங்களுக்குத்தான் புதிய போனை ஏற்கத் தயாராக இருக்கும். ஜெர்மன் வரிகளை எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தால் அந்த நேரம் கடந்துவிடும். செயலி கேட்கும் அனுமதிகளையும் மறுக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு 11 வரை ‘இருப்பிடம்’, 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’. இதை மறுத்தால் மிஷின் மேசையில் கண்ணெதிரே இருந்தாலும் செயலிக்குத் தெரியாது. பல மிஷின்களில் இணைப்புக் கேள்வி வலது, இடது என்று இரண்டு முறை, சில விநாடி இடைவெளியில் வரும். முதலாவதற்குச் சம்மதித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தால் ஒரு காது மட்டும் இணைந்திருக்கும். மிஷினில் சிவப்புக் குறி வலது, நீலக் குறி இடது. இது எந்த நாட்டிலும் மாறாது.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டொரு பெயர்கள் ஜெர்மனிலேயே நிற்கக்கூடும். அவை செயலியின் சொற்கள் அல்ல. மிஷினைப் பொருத்திய கடைக்காரர் தன் கணினியில் தட்டச்சு செய்த புரோகிராம் பெயர்கள் அவை. போனில் எந்த மொழியை மாற்றினாலும் அவை அசையாது. பெயர் மாற்ற இடம் தரும் செயலியாக இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். இல்லாவிட்டால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது கேட்க வேண்டும். அங்குள்ள மென்பொருளில் தமிழ் எழுத்து ஏறாவிட்டால் Veedu, Kovil என்று எழுதித் தரச் சொல்லலாம்.

புதுப் பெயர் வைக்குமுன் எந்தப் புரோகிராம் எதற்கென்று அறிய வேண்டுமே. அதற்கு எழுத்தே வேண்டாம். பெரும்பாலான மிஷின்கள் புரோகிராம் மாறும்போது அதன் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒலி எழுப்பும்.

“அம்மா, இப்ப எத்தினை சத்தம் கேட்டது?”

“ரெண்டு.”

“சரி, தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டுக் கதைக்கிறன். முந்தியை விடத் தெளிவாக் கேக்குதோ?”

தண்ணீர் இரைச்சல் அடங்கி மகனின் குரல் முன்னே வந்தால் அதுதான் Sprache im Lärm, அதாவது சந்தடியில் பேச்சுக் கேட்பதற்கானது. எதிரில் இருப்பவரின் குரலை எடுப்பதற்காக அது மற்றத் திசைகளை அமர்த்தும். ஆகவே மகன் முன்னால் நின்று பேச வேண்டும், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் சோதனை சரிவராது. பாட்டுக்கான புரோகிராமை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம், வித்தியாசம் நுணுக்கமானது. அதைக் கடைக்காரரிடமே கேட்டுவிடலாம். சில மிஷின்களில் பீப் ஒலிக்குப் பதில் ஜெர்மன் குரல் பேசும். அதை வெறும் பீப் ஒலியாக மாற்றித் தரும்படியும் அங்கேயே சொல்லலாம்.

ஒலியளவுக் கோடு பொதுவாக இரண்டு காதுக்கும் ஒன்றாக நகரும். அதைப் பிரிக்கும் சின்னத்தைத் தொட்டால் L, R என்று இரண்டாகும். தெரியாமல் பிரித்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டு, ‘இந்தக் காது மிஷின் பழுது’ என்று நினைப்பவர்கள் உண்டு. Stumm என்பதைத் தொட்டால் மிஷின் மௌனமாகிவிடும். பேட்டரி தீர்ந்தது போலவே தோன்றும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றுதான். மிஷினைச் சார்ஜரில் வைத்து எடுத்தாலோ அணைத்துப் போட்டாலோ பெரும்பாலும் அது முதல் புரோகிராமுக்கும், கடைக்காரர் வைத்த ஒலியளவுக்கும் திரும்பிவிடும். அம்மா தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். அவர் செயலியில் ஒலியளவைக் கூட்டினாலும் கடைக்காரர் விட்டுவைத்த எல்லைக்குள்தான் கூடும்.

நாமே செயலியில் வைக்கும் தமிழ்ப் பெயர்கள் பல செயலிகளில் போனில்தான் சேமிக்கப்படும், மிஷினில் அல்ல. போனை மாற்றினாலோ செயலியை நீக்கி மறுபடி இறக்கினாலோ அவை போய்விடலாம். பெயர் வைத்து முடித்ததும் அந்தத் திரையைப் படம் பிடித்து மகனின் போனுக்கு அனுப்பி வைத்தால், அடுத்த முறை பைப்பைத் திறந்துவிட்டுச் சோதிக்கும் வேலை மிச்சம்.