தடை போட்ட மேயரும் நிபந்தனை போட்ட மன்றமும்: நீதித்துறைச் சீராய்வை ஒப்பிடுவது எப்படி?

ஒப்பீட்டுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் பலர் விடைத்தாளில், "பொதுச் சட்ட நாடுகளில் சாதாரண நீதிமன்றம் விசாரிக்கும், பிரான்சில் தனி நிர்வாக நீதிமன்றம் விசாரிக்கும்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எழுதியது சரிதான். ஆனால் மதிப்பெண் வாங்கித் தருவது அதற்கு அடுத்த கேள்வி: அதனால் தீர்ப்பில் என்ன மாறுகிறது? இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இங்கிலாந்து: வெட்னஸ்பரி, 1947

வெட்னஸ்பரி நகரில் ஞாயிற்றுக்கிழமை படம் காட்டத் திரையரங்குக்கு நகர மன்றம் உரிமம் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை, பெற்றோருடன் வந்தாலும், உள்ளே விடக்கூடாது. நிபந்தனை நியாயமற்றது என்று திரையரங்கு நிறுவனம் வழக்குப் போட்டது, தோற்றது.

ஏன்? நிபந்தனை நல்லதா என்று சொல்வது தம் வேலையில்லை என்றார் நீதிபதி கிரீன் பிரபு. மன்றம் தன் அதிகாரத்துக்குள் நின்றதா? பார்க்க வேண்டியதைப் பார்த்ததா? நியாயமான எந்த மன்றமும் எடுக்கவே முடியாத முடிவா இது? அவ்வளவுதான் கேள்வி. இங்கேதான் சீராய்வும் மேல்முறையீடும் பிரிகின்றன. மேல்முறையீட்டில் முடிவு சரியா என்று பார்க்கலாம். சீராய்வில் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்றுதான் பார்க்க முடியும்.

பிரான்ஸ்: பென்ஜமின், 1933

ரெனே பென்ஜமின் என்ற எழுத்தாளர் 1930-இல் நெவேர் நகரில் இலக்கிய உரை நிகழ்த்த இருந்தார். அரசுப் பள்ளி ஆசிரியர்களை அவர் முன்பு தாக்கி எழுதியிருந்ததால் ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கலவரம் வரலாம் என்று பயந்த மேயர் உரைக்கே தடை போட்டார்.

வழக்கு கொன்செய் தெத்தாவுக்கு, அதாவது பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது. அது கேட்ட கேள்வி வேறு: தடை போடாமல், போலீஸ்காரர்களை நிறுத்தியே ஒழுங்கைக் காத்திருக்க முடியாதா? முடிந்திருக்கும் என்று கண்டு, 1933 மே 19-இல் தடையை ரத்து செய்தது. இதைத்தான் விகிதாசாரச் சோதனை என்கிறோம்: நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டி உரிமையைக் குறைக்கக்கூடாது.

இப்போது மாற்றிப் போட்டுப் பாருங்கள். வெட்னஸ்பரி சோதனையை நெவேர் மேயருக்கு வைத்தால் தடை பெரும்பாலும் நின்றிருக்கும். எதிர்ப்பு உண்மையாக இருக்கும்போது நியாயமான ஒரு மேயர் தடை போடுவதை 'நினைத்தே பார்க்க முடியாதது' என்று சொல்லிவிட முடியாது.

ஏன் இந்த வேறுபாடு?

இதில் ஒரு விநோதம் உண்டு. 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள், சாதாரண நீதிபதிகள் நிர்வாகத்தில் தலையிடவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1799-இல் உருவான கொன்செய் தெத்தா அரசுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு. 1872-இல்தான் தானே தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு நிலையாகக் கிடைத்தது. நிர்வாகத்தைக் காக்கப் பிறந்த அமைப்பே அதைக் கூர்ந்து சோதிக்கும் இடமானது. நிர்வாகத்தை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கு, வேறு வழி இருந்ததா என்று கேட்பதில் தயக்கமில்லை. பொதுச் சட்ட நீதிபதியோ வெளியாள். தன் கருத்தை நிர்வாகத்தின் கருத்துக்குப் பதிலாக வைத்துவிடக்கூடாது என்று ஒதுங்கி நிற்கிறார்.

பிரெஞ்சு முறை குறையற்றது என்று எழுதிவிடாதீர்கள். பென்ஜமின் வென்றார், ஆனால் மூன்று ஆண்டு கழித்து. அந்த உரை நடக்கவேயில்லை. அடிப்படைச் சுதந்திரம் ஆபத்தில் இருந்தால் நீதிபதி 48 மணி நேரத்தில் முடிவு சொல்லும் அவசர வழக்கு முறை 2000-இல்தான் வந்தது. எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்ற குழப்பமும் உண்டு. அதைத் தீர்ப்பதற்கென்றே அங்கே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது.

நம் பக்கம்

மலேசியாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேய முறையைப் பெற்றவை. வழக்கு உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கும். முதலில் முன் அனுமதி வாங்க வேண்டும். பிரான்சில் அந்த வடிகட்டல் கிடையாது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2005-இல் சீ சியோக் சின் வழக்கில் விகிதாசாரத்தை ஏற்கவில்லை. இங்கிலாந்தோ 1998 மனித உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, உரிமை வழக்குகளில் அதைப் பயன்படுத்துகிறது. ஆகவே 'பொதுச் சட்டம் என்றாலே வெட்னஸ்பரி' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தவறு.

பயிற்சி வினா: வெட்னஸ்பரி நிபந்தனையைப் பென்ஜமின் சோதனைக்கு உட்படுத்துக. பெற்றோருடன் வரும் பிள்ளையையும் தடுப்பது தேவையா? அங்கிருந்து விடையைத் தொடங்குங்கள்.