கந்தப்பளையில் எத்தனை எழுத்து?

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையிலே, தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்திருக்கிறது கந்தப்பளை. அவ்வூரின் பெயரைப் பயிற்சித்தாளில் எழுதி, அதில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்று மூன்றாந் தரத்துப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரே விடை வருவதில்லை. ஆறு என்று எழுதும் பிள்ளைகளோடு நான்கு, ஏழு, பத்து என்று எழுதும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருப்பார்கள். ஆறே சரியான விடை. எனினும் ஏனையவற்றுக்குச் சிவப்பு மையால் பிழை போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பது பெருந்தவறு. அவற்றுள் ஒவ்வோர் எண்ணும், அதை எழுதிய பிள்ளை எதை எழுத்தென்று கருதிற்று என்பதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

முதலில் சரியான கணக்கைப் பார்ப்போம். க, ந், த, ப், ப, ளை என ஆறு எழுத்துக்கள். புள்ளி பெற்று நிற்கும் ந், ப் என்ற இரண்டும் மெய். க, த, ப, ளை என்ற நான்கும் உயிர்மெய். தனித்து நிற்கும் உயிர் ஒன்றுமில்லை. ஆகவே தாளின் மூன்று கட்டங்களில் உயிர் என்ற கட்டம் வெறுமையாகவே இருக்கவேண்டும். வெறுங் கட்டத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளை, எதையாவது அதில் இட்டு நிரப்பிவிடும். அது பிள்ளையின் குற்றமன்று. முன்னர்க் கொடுத்த தாள்களிலெல்லாம் மூன்று கட்டங்களும் நிரம்பும்படியான சொற்களையே தேர்ந்து கொடுத்ததன் விளைவு அது.

இனி, ஏழு என்ற விடை எங்கிருந்து வந்தது? அச்செழுத்தில் ளை என்பது இரு துண்டுகளாகத் தோன்றுகிறது. முன்னே ஓர் இணைக்கொம்பு, பின்னே ளகரம். ஏழு என்ற பிள்ளை அந்தக் கொம்பையும் ஓர் எழுத்தாக எண்ணிவிட்டது. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன்னர், ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவு ஒட்டிய ஒரே வடிவாக எழுதப்பட்டன. அந்த நாளிற் படித்த பாட்டனார் இந்தப் பெயரில் ஏழு எண்ணியிருக்க வழியில்லை. வடிவம் மாறிற்று, எழுத்தின் எண்ணிக்கை மாறவில்லை. கொம்பும் காலும் குறிகள் மட்டுமே. குறி தனித்து ஒலிக்காது, ஆதலால் அது எழுத்தாகாது. இதே பிள்ளையிடம் கொழுந்து என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு என்பதற்குப் பதிலாக ஆறு என்று வரும். கொ என்ற ஓர் எழுத்தின் கொம்பு, ககரம், கால் மூன்றையும் அது தனித்தனியே எண்ணியிருக்கும். ழு, து இரண்டிலும் தவறாது. ஏனெனில் அங்கே உகரக் குறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தவறு எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பதைக் கொண்டே காரணத்தை உறுதி செய்துகொள்ளலாம்.

பத்து என்ற விடை வேறு வகையானது. அந்தப் பிள்ளை உயிர்மெய்யைப் பிரிக்கக் கற்றிருக்கிறது. கற்றதை இடமறியாமற் பயன்படுத்திவிட்டது. க் அ, ந், த் அ, ப், ப் அ, ள் ஐ என்று பிரித்தால் மெய் ஆறு, உயிர் நான்கு, ஆகப் பத்து. இது ஒலிகளின் கணக்கு. உயிர்மெய் ஒவ்வொன்றிலும் இரண்டு ஒலிகள் இருப்பதால், எழுத்துக்களின் தொகையோடு உயிர்மெய்களின் தொகையைக் கூட்டினால் இந்தக் கணக்கு வந்துவிடும். இங்கே ஆறும் நான்கும் பத்து. கொழுந்து என்பதில் நான்கும் மூன்றும் ஏழு. இரண்டு கணக்கும் பொருந்தாவிட்டால் வகைப்படுத்தியதில் எங்கோ பிழை உண்டு என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். இத்தகைய பிள்ளைக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: எண்ணும்போது எழுத்தைப் பிரிக்காதே, பிரிக்கச் சொல்லும்போது மட்டும் பிரி.

நான்கு என்ற பிள்ளையே மிகுந்த கவனத்துக்கு உரியது. அது கந், தப், ப, ளை என்று கைதட்டி எண்ணியிருக்கிறது. புள்ளி எழுத்துக்கள் தனித்து ஒலிக்காமல் முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிப் போவதால், அதன் காதில் நான்கு அசைவுகளே விழுந்தன. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிள்ளைக்குப் பெரிய துணை ஒருவர் இருக்கிறார். செய்யுளில் எழுத்தெண்ணும்போது உயிரில்லாத எழுத்தை எண்ணுவதில்லை என்று தொல்காப்பியர் செய்யுளியலிலே விதித்திருக்கிறார். கட்டளைக் கலித்துறையில் அடிக்குப் பதினாறு அல்லது பதினேழு எழுத்து என்னும் கணக்கும் ஒற்றை நீக்கிய கணக்கே. அந்த முறையில் கந்தப்பளை நாலெழுத்துச் சொல்தான். ஆனால் பயிற்சித்தாள் கேட்பது செய்யுட் கணக்கன்று, எழுதப்பட்ட எழுத்துக்களின் கணக்கு. இவ்வேறுபாட்டைத் திருத்தாமல் விட்டால் அதன் பயன் சொல்வதெழுதுதலில் தெரியும். எண்ணாத எழுத்தை எழுதவும் மறப்பது இயல்பு. கந்தப்பளை கந்தபளை ஆகும். பாட்டு பாடு ஆகும், பட்டம் படம் ஆகும்; பொருளே வேறாகிவிடும். தன் ஊர்ப் பெயரையே ஓர் ஒற்றுக் குறையாக விண்ணப்பத்தில் எழுதும் பெரியவர் பலர், இந்த வயதில் புள்ளியை எண்ணாமல் விட்டவர்களே.

உயிர் என்ற கட்டத்துக்கு வருவோம். தமிழ்ச் சொல்லில் உயிரெழுத்துத் தன் சொந்த வடிவோடு நிற்பது பெரும்பாலும் சொல்லின் முதலிலேதான். இடையிலும் கடையிலும் அளபெடையில் மட்டுமே அவ்வாறு வரும். மலைநாட்டுப் பிள்ளைக்கு இதைக் காட்டத் தேயிலையை விடச் சிறந்த சொல் கிடையாது. இலை என்பதில் இ உயிர், லை உயிர்மெய். தே என்பது அதன் முன்னே வந்து சேர்ந்தவுடன், இரண்டு உயிர்களுக்கிடையே யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றுகிறது. இகரம் அந்த யகரத்தின்மேல் ஏறிக்கொண்டு யி ஆகிவிடுகிறது. தே, யி, லை மூன்றும் உயிர்மெய். இகரம் எங்கும் போய்விடவில்லை, உருவத்தைத்தான் இழந்தது. இதைக் கரும்பலகையில் ஒருமுறை செய்து காட்டிவிட்டால், உயிர்மெய் என்ற பெயரின் பொருளைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

இராகலை என்ற அயலூர்ப் பெயரும் நல்ல பயிற்சி தரும். தமிழில் ரகரம் மொழிக்கு முதலாகாது என்பதால் இகரத்தை முன்னே சேர்த்து இராகலை என்று எழுதுகிறோம். இ உயிர், ரா, க, லை உயிர்மெய், ஆக நான்கு. பேச்சை ஒட்டி ராகலை என்று எழுதினால் மூன்றே. தாளில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே எண்ணவேண்டும்.

தாளைத் தயாரிப்பவரும் சில இடங்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். எஃகு என்ற சொல்லைக் கொடுத்தால் மூன்று கட்டங்கள் போதா. எ உயிர், கு உயிர்மெய், ஃ இரண்டிலும் சேராத ஆய்தம். நான்காவது கட்டம் ஒன்று வரையாமல் அச்சொல்லைக் கொடுப்பது பிள்ளையை வீணே குழப்புவதாகும். ஸ்ரீ, க்ஷ முதலிய கிரந்த எழுத்துக்கள் வரும் பெயர்களும் 247 என்ற கணக்குக்கு வெளியே நிற்பவை. தொடக்க வகுப்பில் அவற்றைத் தவிர்த்தல் நலம். ஔகாரம் இன்னொரு பொறி. மாதந்தோறும் விடுமுறை தரும் பௌர்ணமியை எல்லாப் பிள்ளைகளும் அறிவர். பௌ, ர், ண, மி என நான்கு எழுத்துக்கள். ஆனால் பௌ என்பதன் பிற்பகுதி ளகரத்தைப் போலவே தோன்றுவதால், பெ, ள, ர், ண, மி என்று ஐந்து எண்ணும் பிள்ளைகள் உண்டு. அச்சுக் கோப்பவர்களே சில வேளைகளில் ளகரத்தை இட்டுவிடுகிறார்கள். கண்ணை நம்பாமல் உரக்க வாசிக்கச் சொன்னால், பெளர்ணமி என்று ஒருவரும் சொல்வதில்லை என்பதைப் பிள்ளையே கேட்டு உணர்ந்து, ஐந்தை அழித்து நான்கு என்று எழுதிவிடும்.