கிங்-ஜாக்கும் பின்னால் இருக்கும் எட்டுப் பேரும்

போக்கர் மேசைக்குப் புதிதாக வருபவர் கையில் ஒரு கிங்கும் ஒரு ஜாக்கும் விழுந்தால் கீழே வைக்க மனம் வராது. இரண்டுமே படச்சீட்டு. ஆனால் அதை ஆடலாமா என்பது, அவருக்குப் பிறகு முடிவெடுக்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

லாஸ் வேகாஸில் சாதாரணமாகக் காணும் 1-2 டாலர் நோ லிமிட் ஹோல்டெம் மேசையை எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேர், ஆளுக்கு 200 டாலர். டீலர் பட்டன் என்ற வில்லை ஆட்டத்துக்கு ஓர் இடம் நகரும். அதற்கு இடப்பக்கம் இருக்கும் இருவரும் சீட்டைப் பார்க்கும் முன்பே 1 டாலரும் 2 டாலரும் கட்டிவிட வேண்டும். அவை ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். அடுத்து இருப்பவர்தான் முதலில் ஆட வேண்டும். பொதுச்சீட்டுகள் விழுந்தபின் எந்தச் சுற்றிலும் கடைசி வாய்ப்பு பட்டன்காரருக்கே.

முதலில் ஆட வேண்டியவர் நீங்கள். கையில் வெவ்வேறு பூவில் கிங்-ஜாக். உங்களை நசுக்கும் கைகள் ஏஸ்-கிங், ஏஸ்-ஜாக், கிங்-குயின், அப்புறம் ஏஸ், கிங், குயின், ஜாக் ஜோடிகள். மீதமுள்ள 50 சீட்டில் அமையும் 1,225 கைகளில் இவை 54. ஒருவரிடம் இருக்க வாய்ப்பு குறைவு. பின்னால் இருக்கும் எட்டுப் பேரில் யாரிடமாவது இருக்க ஏறக்குறைய 30 சதவீத வாய்ப்பு உண்டு. பட்டனில் இருந்து, முன்னால் எல்லோரும் விலகிவிட்டால், மீதி இருவர்தான். வாய்ப்பு 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இப்போது 6 டாலர் வைக்கிறீர்கள். பட்டன்காரர் கிங்-குயினோடு தொடர, மற்றவர்கள் விலகுகிறார்கள். நடுவில் 15 டாலர். கிங், 8, 3 விழுகின்றன. கிங் ஜோடி சேர்ந்த மகிழ்ச்சியில் 10 வைக்கிறீர்கள், தொடர்கிறார். அடுத்து 5, நீங்கள் 25, அவரும் 25. கடைசியில் 2 விழுகிறது. சந்தேகம் வந்து சும்மா இருக்க, அவர் 50 வைக்கிறார். ஜோடியை விட மனமில்லாமல் நீங்களும் கட்டினால் போனது 91 டாலர். ஒன்றுமே சேராத சீட்டு இவ்வளவு செலவு வைக்காது. பாதி நன்றாகச் சேரும் கைதான் வைக்கும்.

பட்டனில் இருந்து பிக் பிளைண்டை எதிர்த்து இதே கையை ஆடும்போது, அவர் செய்வதைப் பார்த்துவிட்டே நீங்கள் முடிவெடுப்பீர்கள். அவர் சும்மா இருந்தால், நீங்களும் ஒரு சுற்றில் பணம் வைக்காமல் அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். நடுவில் சேரும் தொகையின் அளவு உங்கள் கையில்.

அதனால் முதல் இடத்தில் நடுத்தர, பெரிய ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே பூவில் ஏஸ்-ஜாக், கிங்-குயின் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது தொடக்கக்காரருக்கு நல்லது. பட்டன் நெருங்க நெருங்க விரிக்கலாம்.

ஆனால் பட்டனிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் இடத்தில் இருந்தே ஒருவர் உயர்த்தியிருந்தால், அந்த எட்டுப் பேரையும் மீறித் துணிந்த கை அது. அப்போது கிங்-ஜாக்கைப் பட்டனிலும் கீழே வைத்துவிட வேண்டும்.