பழைய பதிவுகளின் காலக் கணக்கு

பழைய பரிவர்த்தனைகளைக் காப்பகத்திற்கு மாற்றுவது அவற்றை அழிப்பதன்று. திரையில் தென்படாவிடினும், தணிக்கையாளர் கேட்கும்போது அவற்றை எடுத்துக் காட்ட இயலும்.

சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டப்படி, ஒரு பரிவர்த்தனையின் பதிவை அது நடந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் வங்கி காக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களுக்கோ, கணக்கு முடிந்த பின்னரே அந்த 5 ஆண்டுகள் தொடங்கும்.

2018 ஜூனில் பணம் செலுத்திய ஒருவர் 2024 மார்ச்சில் கணக்கை முடித்தார் எனக் கொள்வோம். அந்தச் செலுத்துகைக்கான குறைந்தபட்சக் காலம் 2023 ஜூனில் முடிகிறது. அடையாள ஆவணங்களுக்கு 2029 மார்ச் வரை நீள்கிறது. இரண்டையும் ஒரே நாளிலிருந்து எண்ணி அழித்துவிட்டால், எஞ்சிய பதிவுகள் யாருடையவை என்று தணிக்கையில் நிறுவ இயலாது. வழக்கோ விசாரணையோ நிலுவையில் இருப்பின், அதற்குரிய பதிவுகளைக் காலம் கடந்தும் அழித்தலாகாது.