பகுதியில் நிற்கும் முறுடு

√2, √3, √7 போன்ற மூலங்களை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது. இவையே முறுடுகள். √9 முறுடு அல்ல. அதன் மதிப்பு 3 என்று முடிந்துவிடுகிறது. முறுடுகள் வரும் பயிற்சித்தாளில் வழக்கமாக இரண்டு வேலைகள் இருக்கும்: முறுடைச் சுருக்குதல், பின்னத்தின் பகுதியிலிருந்து முறுடை நீக்குதல். இரண்டும் சேர்ந்து வரும் ஒரு கணக்கு இது:

12 / (√72 − √32)

முதலில் சுருக்க வேண்டும். 72-ஐ வகுக்கும் முழு வர்க்க எண்களில் மிகப் பெரியது 36. எனவே √72 = √36 × √2 = 6√2. அவசரத்தில் 36√2 என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. மூலக்குறியை விட்டு வெளியே வருவது 36 அல்ல, அதன் வர்க்கமூலமான 6. 4-ஐ மட்டும் பிரித்து 2√18 என்று நிறுத்துவதில் தவறில்லை என்றாலும் வேலை பாதியில் நிற்கிறது. 18-க்குள் இன்னும் 9 இருக்கிறது.

இதேபோல் √32 = 4√2. இரண்டிலும் √2 இருப்பதால் கழிக்கலாம்: 6√2 − 4√2 = 2√2. இது ஏறக்குறைய 2.83. சுருக்காமலே 72-இலிருந்து 32-ஐக் கழித்து √40 என்று எழுதினால் மதிப்பு 6.32 ஆகிவிடும். பெருக்கலையும் வகுத்தலையும் போலக் கூட்டலையும் கழித்தலையும் மூலக்குறிக்குள் கொண்டுபோக முடியாது.

இப்போது கணக்கு 12/(2√2), அதாவது 6/√2. மேலும் கீழும் √2-ஆல் பெருக்கினால் 6√2/2 = 3√2. பின்னத்தை 1-ஆல் பெருக்கியதாகவே இது அமைவதால் மதிப்பு மாறாது. கீழே மட்டும் பெருக்கினால் மாறிவிடும். பகுதி முழு எண்ணானால் கையால் கணக்கிடுவதும் எளிது: 6-ஐ 1.414-ஆல் வகுப்பதைவிட 1.414-ஐ 3-ஆல் பெருக்குவது சுலபம்.

பகுதியில் இரண்டு உறுப்புகள் இருந்தால் இந்த வழி போதாது. 6/(5 − √7) என்பதை √7-ஆல் பெருக்கினால் பகுதி 5√7 − 7 ஆகிறது, முறுடு போகவில்லை. நடுவில் உள்ள குறியை மாற்றிய இணை எண்ணான 5 + √7-ஆல் பெருக்க வேண்டும். (a − b)(a + b) = a² − b² என்பதால் பகுதி 25 − 7 = 18 ஆகும்; 25 + 7 = 32 என்று எழுதுவது குறியில் வரும் தடுமாற்றம். தொகுதியில் 6 இரண்டு உறுப்புகளையும் பெருக்குவதால் அடைப்புக்குறி அவசியம்: 6(5 + √7)/18 = (5 + √7)/3. அடைப்புக்குறி விட்டுப்போனால் 6 × 5 + √7 என்றாகி, √7 பெருக்கப்படாமல் நின்றுவிடும்.

விடையைச் சரிபார்க்க √7 = 2.646 என்று இட்டால் போதும். முதலில் தந்த பின்னம் 6 ÷ 2.354, ஏறக்குறைய 2.549. விடை 7.646 ÷ 3, அதுவும் 2.549. இரண்டும் பொருந்தாவிட்டால் இடையில் ஏதோ ஓர் அடியில் பிழை இருக்கிறது.