எண்சார் முறையின் வரிசையைச் சரிபார்த்தல்

எண்சார் முறையின் வரிசை என்பது, படிநீளம் h குறையும்போது பிழை எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் காட்டும் எண் p ஆகும். பிழை ஏறத்தாழ C·h^p ஆக இருப்பதால், h-ஐப் பாதியாக்கினால் பிழை 2^p-இல் ஒரு பங்காகக் குறையும்.

எடுத்துக்காட்டு: y' = y, y(0) = 1 என்னும் சமன்பாட்டை ஆய்லர் முறையால் x = 1 வரை தீர்க்கலாம். சரியான விடை 2.71828 ஆகும்.

- h = 0.1 எனில் பிழை 0.1245
- h = 0.05 எனில் பிழை 0.0650
- h = 0.025 எனில் பிழை 0.0332

அடுத்தடுத்த பிழைகளின் விகிதங்கள் 1.92, 1.96 என 2-ஐ நெருங்குவதால் p = 1 ஆகும். இரு அச்சுகளிலும் மடக்கை அளவுகோல் கொண்டு வரைந்தால், புள்ளிகள் சாய்வு 1 உடைய நேர்கோட்டில் ஏறத்தாழ அமையும். இரண்டாம் வரிசை முறைக்கான நிரல் இதே கணக்கில் சாய்வு 1 தந்தால், நிரலில் தவறு உள்ளதெனக் கொள்ளலாம்.

h மிகச் சிறிதானால், கணினி இலக்கங்களைச் சுருக்குவதால் எழும் பிழை மேலோங்கும். பிழை குறைவது நின்று கோடு திரும்பிவிடும். அப்பகுதிப் புள்ளிகளைக் கொண்டு சாய்வைக் கணித்தல் கூடாது.